"ஸ்டாக் உள்ளவரை" என்றால் எதுவரை?

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. திருநெல்வேலி டவுனில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு ஒரு ஜவுளிக்கடைத் தம்பி வந்தார். அப்பா நடத்திய கடையை இரண்டு வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆட்டோ விளம்பரத்துக்கும் கடை மைக்குக்கும் வாசகம் எழுதிக் குரல் கொடுப்பது என் தொழில். தம்பி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"போன வருசம் ஓடினதுதான் அண்ணாச்சி. தேதிய மட்டும் மாத்திப் பேசிக் குடுத்துருங்க."

தாளில் இருந்தது இது: "ஆடி அதிரடி! 70 சதவீதம் வரை தள்ளுபடி! சேலைகள் 699 முதல்! சட்டைகள் 399 முதல்! இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்! ஸ்டாக் உள்ளவரை மட்டுமே! நிபந்தனைகளுக்கு உட்பட்டது! விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது!"

டீ வந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "699 ரூபாய் சேலை எத்தனை இருக்கு?"

தம்பிக்குத் தெரியவில்லை. "இருக்கும் அண்ணாச்சி, ரெண்டு ரேக் நிறைய" என்றார்.

அந்த இரண்டு ரேக்கைத்தான் முதலில் எண்ண வேண்டும். தள்ளுபடி வாசகம் எழுதுகிறவனுக்கு முதல் வேலை பேனாவில் இல்லை, குடோனில் இருக்கிறது. ஆடியில் கல்யாண வீடுகள் இல்லாததால் கடையில் கூட்டம் குறைகிறது. அதே நேரத்தில் தீபாவளிச் சரக்குக்கு இடமும் பணமும் தேவைப்படுகிறது. அதனால் தேங்கிக் கிடப்பதைக் கழிக்கிறார்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தேங்கிய சரக்கு புதுச் சரக்கு மாதிரி இல்லை. தீர்ந்தால் மில்லிலிருந்தோ தறிக்காரரிடமிருந்தோ மறுபடி வராது, எல்லா சைஸும் இருக்காது, எல்லா உருப்படியும் ஒரே தரத்தில் இருக்காது. இந்த மூன்றையும் வாங்க வருகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும். "ஸ்டாக் உள்ளவரை" என்ற இரண்டு சொல் அதில் ஒன்றைக்கூடச் சொல்வதில்லை.

சில வருடங்களுக்கு முன் வேறொரு கடைக்குப் பேசியிருந்தேன். ஆட்டோ நாலு நாள் கிராமம் கிராமமாகச் சுற்றியது. நாலாம் நாள் பணம் வாங்க அந்தக் கடைக்குப் போனபோது, இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஓர் அம்மா சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். மகளுக்கு ஆடிச்சீர் கொண்டுபோக ஐந்து சேலை வேண்டுமாம். "வண்டியில சொன்னாங்களே, 699 ரூவா சேலை?" என்று கேட்டார். விற்பனைப் பெண், "அது ரெண்டாம் நாளே முடிஞ்சிட்டும்மா, 950-ல காட்டட்டா?" என்றாள். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்று சேலையோடு திரும்பினார். அவர் தெருவில் கேட்டது என் குரல். அன்றிலிருந்து எண்ணிக்கை தெரியாமல் நான் எந்தக் கடைக்கும் பேசுவதில்லை.

இதைத் தம்பியிடம் சொன்னதும் அவர் கேட்டது சரியான கேள்வி. "முடிஞ்சா நாம என்ன செய்ய முடியும் அண்ணாச்சி? தள்ளுபடின்னா தீரத்தானே செய்யும்?"

தீரட்டும். தீர்ந்தது குற்றமில்லை. தீரும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும், தீர்ந்த பிறகும் ஆட்டோவை ஓடவிட்டதும்தான் தப்பு. சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மலிவு விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த விலையில் விற்கும் எண்ணம் இல்லாமலிருந்தாலோ, கடையின் அளவுக்கும் விளம்பரத்தின் அளவுக்கும் ஏற்ற நியாயமான எண்ணிக்கையிலும் நியாயமான காலத்துக்கும் தராமலிருந்தாலோ, அதை முறையற்ற வணிகம் என்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கு வெளியிட்ட நெறிமுறைகள் இன்னும் தெளிவானவை. கேட்டு வரும் கூட்டத்துக்குச் சரக்கு போதாது என்று கடைக்காரர் கணித்தால், சரக்கு குறைவு என்பதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆளை இழுக்க ஒரு விலை, வந்தபின் காட்ட வேறொரு விலை என்று தூண்டில் போடக் கூடாது. இருபது சேலையை வைத்துக்கொண்டு இருபது ஊருக்கு ஆட்டோ விடுவது அந்தத் தூண்டில்தான்.

தம்பி அன்று சாயங்காலமே ஆட்களை வைத்து எண்ணினார். மறுநாள் டீக்கு வரும்போது நோட்டோடு வந்தார். 699 விலைக்கு ஒதுக்கிய காட்டன் சேலை 240. அதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. "எல்லாம் நல்ல உருப்படியா?" என்றேன். இருவரும் கடைக்கே போய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். ஷோகேஸில் தொங்கியதில் மடிப்பு ஓரம் வெளுத்திருந்தவை, ரேக்கில் நாள்பட்டு மடிப்புக் கோடு பழுப்பேறியவை, நூல் இழுபட்டவை என்று 31 சேலை தனியாக வந்தன. மிச்சம் 209.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சேலையின் கரையில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தும் பார்த்தோம். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் ஏமாற்றும். கைக்குட்டையில் இலேசாக நிறம் பிடித்தால் முதல் தண்ணீரில் கொஞ்சம் போகும் என்று வாங்குகிறவரிடம் சொல்லி விற்கலாம். திட்டாக ஒட்டினால், துவைக்கும்போது கரைச் சாயம் உடலில் இறங்கும் என்று அர்த்தம். அந்தச் சேலை 699-க்கும் போகக் கூடாது. நல்லவேளையாக அன்று அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

அந்த 31 சேலையை என்ன செய்வது? மற்றவற்றோடு கலந்து போட்டுவிடுவதுதான் வழக்கம். கூட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. அதைத் தனி மேஜையில் போட்டு, 350 ரூபாய் என்று எழுதி, என்ன குறை என்பதை ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கரில் குறிக்கச் சொன்னேன். "மடிப்பில் வெளுப்பு", "முந்தானையில் நூல் இழுப்பு" என்று இரண்டு சொல் போதும். அதே சொல் பில்லிலும் ஏற வேண்டும். காட்டி, சொல்லி, அதற்காகவே விலை குறைத்து விற்ற குறையைப் பிறகு காரணமாகச் சொல்லித் திருப்பித் தர வருகிறவர் குறைவு. வந்தாலும் பேச ஒரு தாள் இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கரில் வெளுப்பு என்றிருக்க, வீட்டில் பிரித்தால் நடுவில் கிழிசல் இருந்தால், கிழிசலுக்குக் கடைதான் பொறுப்பு. ஒரு குறையைச் சொன்னது மற்ற குறைகளுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

சட்டைக் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. 399 ரூபாய்க்கு மொத்தம் 180 சட்டை. கேட்கும்போது நிறைய மாதிரித் தெரிகிறது. சைஸ் வாரியாகப் பிரித்ததும் உண்மை வெளியே வந்தது. 38 சைஸில் 64, 40-ல் 21, 42-ல் 9, 44-ல் 86. நடுத்தர உடம்புக்காரர்கள் சீசன் முழுக்க வாங்கிவிட்டதால் இரு முனையும் தங்கிவிட்டன. தேங்கிய சரக்கு எப்போதுமே இப்படித்தான் இருக்கும். "சட்டை 399" என்று ஊர் முழுக்கச் சொன்னால், 42 போடுகிற நூறு பேர் வந்து ஒன்பது சட்டைக்கு முட்டுவார்கள். மொத்தத்தைச் சொல்லாமல் சைஸைச் சொல்லிவிட்டால், ஒல்லியான பையன் இருக்கிற வீடும் பருமனான அண்ணாச்சி இருக்கிற வீடும் நம்பி வரும். 42 போடுகிறவர் வேறு வேலையைப் பார்ப்பார்.

தம்பிக்கு இங்கேதான் தயக்கம். "இப்படியெல்லாம் சொன்னா கூட்டம் குறையுமே?"

குறையும் என்றுதான் சொன்னேன். முதல் நாள் கூட்டம் கட்டாயம் குறையும். குறைகிறவர்கள், வந்து நின்று, கிடைக்காமல் திரும்பியிருக்கக் கூடியவர்கள். அவர்களை வெயிலில் வரவழைத்து அனுப்பினால் தீபாவளிக்கு அந்த வாசலை மிதிக்க யோசிப்பார்கள். சின்ன ஊரில் ஜவுளிக்கடைக்குத் தீபாவளியைவிட ஆடி பெரிதில்லை.

இனி, எண்ணியதை எப்படிச் சொல்வது என்பது. ஆட்டோ தெருவில் ஊர்ந்து போகும்போது ஒரு வீட்டு வாசலில் தெளிவாகக் கேட்பது பத்துப் பதினைந்து வினாடிதான். விலையை முதலிலும் அளவைக் கடைசியிலும் வைத்தால், விலை கேட்ட வீட்டுக்கு அளவு கேட்காது. வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் பொருள், விலை, எண்ணிக்கை, ஒருவருக்கு எத்தனை என்ற நான்கும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து வர வேண்டும். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பதைக் கடைசியில் விறுவிறுவென்று ஓட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். குரல் கொடுப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு வினாடியில் உருட்டித் தள்ளுவான். நிபந்தனை என்ன என்று கேட்பவருக்குத் தெரியாதவரை, அந்த வாக்கியம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பலகையிலும் இதே கதை. விலை ஒரு முழ உயரம், கீழே நிபந்தனை எறும்பு அளவு, அதுவும் இங்கிலீஷில். நான் சொன்ன அதே 2022 நெறிமுறைகள், விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில், அதே எழுத்தில், கண்ணில் படுகிற இடத்தில் விளக்கக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன.

"70 சதவீதம் வரை" என்பதையும் எடுத்துவிடச் சொன்னேன். விசாரித்ததில் 70 சதவீதம் இருந்தது பன்னிரண்டு குழந்தைச் சட்டைக்கு மட்டும். பழைய விலையையும் புது விலையையும் ரூபாயில் சொன்னால் போதும். சதவீதம் ஜனங்களைக் குழப்புகிறது. 50 சதவீதம் கழித்து, அதன் மேல் 20 சதவீதம் என்றால் பலர் 70 என்று கூட்டிக்கொள்வார்கள். 1,000 ரூபாய் 500 ஆகி, 500-இல் 100 கழிந்து 400 ஆகிறது. கழிந்தது 60 சதவீதம். 400 ரூபாய் என்றே சொல்லிவிடலாமே.

ஒருவருக்கு எத்தனை என்ற கட்டுப்பாடு இருந்தால் அதையும் வண்டியிலேயே சொல்ல வேண்டும். முதல் மணி நேரத்தில் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து நாற்பது சேலையை அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகத் தம்பி ஆளுக்கு மூன்று என்று வைத்தார். நியாயம்தான். அதைப் பில் போடும் இடத்தில் போய்ச் சொன்னால், ஐந்து எடுத்து வந்தவர் கையிலிருந்து இரண்டைப் பிடுங்குவது போல ஆகிவிடும்.

எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும், பதிவு செய்த குரல் மாறாது. இதற்கு ஒரு வழி வைத்தோம். சேலைக்கு ஒரு பதிவு, சட்டைக்கு ஒரு பதிவு என்று பென்டிரைவில் தனித்தனியாக வைத்தோம். கடை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. காலையில் கடை திறக்கும்போதும், மதியமும், சாயங்காலம் ஐந்து மணிக்கும் மிச்சத்தை எழுதுவது ஒரு பையனின் பொறுப்பு. சேலை 40-க்குக் கீழே இறங்கியதும் ஆட்டோக்காரருக்குப் போன். அவர் அந்தப் பதிவை அத்தோடு நிறுத்துவார். நாற்பது ஏன் என்று தம்பி கேட்டார். ஆட்டோவில் கேட்டவர் கிளம்பி, பஸ் பிடித்து, கடைக்கு வர அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளில் விற்கிற அளவு மிச்சம் இருக்கும்போதே வண்டியை நிறுத்தினால்தான் வருகிறவருக்கு ஏதாவது இருக்கும். அவர் கடையில் அது நாற்பது. பெரிய கடைக்கு இருநூறாக இருக்கலாம்.

இரண்டாவது டீ வந்தபோது "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரிக்கு வந்தோம். தம்பியின் பில் புத்தகத்திலேயே அது அச்சாகியிருந்தது. அப்பா காலத்திலிருந்து வருவது.

இந்த வரி குறையுள்ள துணிக்குச் செல்லாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதையும் அதே 2019 சட்டம் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது. பில்லில் எத்தனை நாள் என்று குறித்திருக்கிறதோ அத்தனை நாளுக்குள், ஒன்றும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டும். தள்ளுபடி விலைக்கு விற்றது என்பதற்காக இதில் விலக்கு இல்லை. "தள்ளுபடியில வாங்கினதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று கவுண்டரில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தெரியாமல் சொல்கிறார்கள்.

ஆனால் துணி நன்றாக இருக்கிறது, வீட்டில் யாருக்கோ நிறம் பிடிக்கவில்லை என்றால், கடையில் பார்த்து எடுத்த துணியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது கடையின் விருப்பம். மாற்றித் தரலாம், தராமலும் இருக்கலாம். எது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். குறையையும் மனமாற்றத்தையும் ஒரே வரியில் போட்டு அடைக்கப் பார்ப்பதால்தான் கவுண்டரில் சத்தம் வருகிறது. கடைக்காரர் பின்னதை நினைத்து "எடுக்க மாட்டோம்" என்கிறார். வாடிக்கையாளர் முன்னதை நினைத்து "எடுத்துத்தான் ஆகணும்" என்கிறார். இருவர் பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது.

அதனால் இரண்டையும் இரண்டு வாக்கியமாகப் பிரித்தோம். குறை இருந்தால் பில்லோடு 30 நாளுக்குள் வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்றால் 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம், பணம் கிடையாது. மாற்றும்போது அதே சைஸ் இருக்காது என்பதுதான் தள்ளுபடியின் சிக்கல். 42 சட்டை ஒன்பதும் போய்விட்டால் எதை மாற்றிக் கொடுப்பது? அதே தொகைக்கு வேறு துணி, இல்லாவிட்டால் தீபாவளி வரை செல்லும் கிரெடிட் நோட். எந்தத் தொகை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பில்லில் உள்ள 699-தான். தள்ளுபடி முடிந்து பலகையில் 1,150 ஏறிவிட்டாலும் அவர் கையில் இருப்பது 699-க்கான துணி.

30 நாளுக்கு இன்னொரு வரி சேர்த்தேன். ஆடியில் வாங்கும் சேலையை நம் வீடுகளில் உடனே கட்டுவதில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கோ தீபாவளிக்கோ என்று பீரோவில் வைத்துவிடுவார்கள். பிரித்துப் பார்ப்பதற்குள் நாள் கடந்துவிடும். எனவே, "வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை முழுக்கப் பிரித்துப் பாருங்கள்" என்பதைக் கடையே சொல்ல வேண்டும். நாலு பேர் கூடுதலாகக் குறையோடு வரலாம். வரட்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து நின்று, நாள் கடந்துவிட்டது என்று சொல்வதைவிட அது மேல்.

துவைத்த துணி பற்றித் தம்பி கறாராக இருந்தார். தண்ணீர் பட்ட துணியை எடுக்க முடியாது என்றார். பொதுவாகச் சரி. ஆனால் சாயம் ஒட்டுவது தண்ணீர் படாமல் எப்படித் தெரியும்? குறையைக் காட்டும் ஒரே வழியையே மறுக்கும் காரணமாக வைக்க முடியாது. "ஃபால்ஸ் அடித்தது, பிளவுஸ் பிட் வெட்டியது, துவைத்தது மாற்ற இயலாது, சாயம் இறங்கிய சேலைக்கு இது பொருந்தாது" என்று எழுதினோம்.

இதைவிடச் சிக்கலானது "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்". 600 ரூபாய்ச் சட்டை மூன்று, கட்டிய பணம் 1,200. தம்பியின் கம்ப்யூட்டர் 600, 600, 0 என்று பில் அடிக்கும்படி இருந்தது. ஒரு சட்டையில் தையல் விட்டிருக்கிறது என்று திரும்ப வருகிறார். கடை எவ்வளவு தர வேண்டும்? "அது இலவசச் சட்டை" என்று ஒன்றும் தராவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். 600 தந்தால் இரண்டு சட்டை 600-க்குப் போனதாக ஆகிறது. மூன்றில் எது இலவசச் சட்டை என்று யாரால் சொல்ல முடியும்? பில்லில் 400, 400, 400 என்று பிரித்து அடித்தால் சண்டையே இல்லை. திரும்பக் கொடுப்பது 400, வீட்டில் இருக்கும் இரண்டுக்கு அவர் கட்டியது 800.

விலை வேறு வேறாக இருந்தாலும் இதே கணக்குதான். 800, 700, 600 என மூன்று. குறைந்த விலைச் சட்டை இலவசம் என்பதால் கட்டியது 1,500. மொத்த விலை 2,100. அந்த 1,500-ஐ விலைக்கேற்பப் பிரித்தால் 800 ரூபாய்ச் சட்டை 571 ரூபாய் 43 காசு, 700 ரூபாய்ச் சட்டை 500 ரூபாய், 600 ரூபாய்ச் சட்டை 428 ரூபாய் 57 காசு. பில்லிங் மென்பொருளில் இதை ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும். மென்பொருள் கொடுத்த ஆளிடம் தம்பி அன்றே பேசிவிட்டார்.

கடைசியில் சேலைக்கான பதிவு இப்படி அமைந்தது:

"ஆடித் தள்ளுபடி. 1,150 ரூபாய் காட்டன் சேலை, இப்போது 699 ரூபாய். மொத்தம் 209 சேலை. ஒருவருக்கு மூன்று. தீர்ந்தால் இந்த விலையில் மறுபடி வராது. குறை இருந்தால் பில்லோடு 30 நாளுக்குள் வாருங்கள், பணம் திரும்பக் கிடைக்கும். பிடிக்கவில்லை என்றால் 7 நாளுக்குள் மாற்றலாம், பணம் கிடையாது."

சட்டைக்கு: "399 ரூபாய்ச் சட்டை. 38, 44 சைஸ் நிறைய இருக்கிறது. 40 கொஞ்சம். 42 ஒன்பது மட்டும்." அதன் பிறகு அதே இரண்டு மாற்று விதிகள். சரியாக வாசித்தால் ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆட்டோவுக்காக எழுதிய எண்ணிக்கை முதல் நாளுக்கு மட்டும். இரண்டாம் நாளிலிருந்து எண்ணை எடுத்துவிட்டு, "மிச்சம் எத்தனை என்று வாசல் பலகையில் இருக்கும், போனிலும் கேட்கலாம்" என்ற பதிவு ஓடும்.

பில் போடும் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தது பேச்சிலேயே இருந்தது. "அக்கா, பிடிக்கலன்னா ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம், பணமாத் தர மாட்டோம். ஃபால்ஸ் அடிச்சா மாத்த முடியாது. குறை இருந்தா முப்பது நாளுக்குள்ள பில்லோட வாங்க, பணமே தந்துருவோம். வீட்டுக்குப் போனதும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்துருங்க." பணம் வாங்கும் முன்பு சொல்ல வேண்டும். வாங்கிய பிறகு சொன்னால் அது எச்சரிக்கை மாதிரி ஒலிக்கும். வண்டியில் சொன்னது, பலகையில் எழுதியது, பில்லில் அச்சானது, அந்தப் பெண் சொல்வது நான்கும் ஒரே நாள் கணக்கு, ஒரே சொல்லாக இருக்கிறதா என்று தம்பியும் நானும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பில் புத்தகத்தின் பழைய வரியை அடித்துவிட்டுப் புது ரப்பர் ஸ்டாம்பு செய்யக் கொடுத்தார்.

இந்த ஆடியில் துணி எடுக்கப் போகிற உங்களுக்கும் இரண்டு வார்த்தை. பணம் கட்டும் முன் "மாத்துறதுக்கு எத்தனை நாள், குறை இருந்தா எத்தனை நாள்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்காது. மூன்று சட்டைக்கு ஒரு சட்டை பூஜ்யம் என்று பில் வந்தால் விலையைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பில்லை 30 நாள் பத்திரமாக வையுங்கள். குறையுள்ள துணியை எடுக்கவே மாட்டோம் என்று கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.